புலிக்குத்தியும் வள்ளியும் ஒருத்திதான்

கேள்வி: டாக்டர் ஐயா, என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். வாய் திறந்து பேசமாட்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். மாதம் ஒருமுறைதான் வருவார். போன வாரம் அவளுடைய நோட்டைப் புரட்டியபோது அதில் ஒரு சிறுகதை இருந்தது. கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண், ஆன்லைனில் ‘புலிக்குத்தி’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஆளே மாறிப்போகிற கதை. கற்பனை என்றுதான் நினைத்தேன். ஆனால் என் போனில் அவள் செஸ் ஆடும் செயலியைத் திறந்தால் அதே பெயர்: Pulikuthi2009. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே ஆள் இரண்டு ஆளாக நடந்துகொள்வது மனநோயா? முகம் தெரியாதவர்களிடம் சிக்கிக்கொள்வாளா? கதையில் வரும் அம்மா நான்தான் என்று தெரிகிறது, அதுவும் வலிக்கிறது. கதையை நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். பதில் எழுதுங்கள்.
— கே.எஸ்., பென்னாகரம்

பதில்: அம்மா, முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். உங்கள் மகளுக்கு இருப்பது இரட்டை ஆளுமை நோய் அல்ல. அந்த நோயில் நினைவில் ஓட்டை விழும். தான் செய்ததே தனக்குத் தெரியாது, இடையில் போன நேரத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாது. உங்கள் மகளோ இரண்டு பேரையும் அருகருகே உட்கார வைத்து ஒரு கதையே எழுதியிருக்கிறாள். தான் யார், தான் வைத்துக்கொண்ட பெயர் எது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிள்ளையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

முகம் தெரியாதவர்களைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கதையைப் படிப்போம். நீங்கள் பதற்றத்தில் படித்திருப்பீர்கள். நான் நிதானமாக இரண்டு முறை படித்தேன்.

கதையில் வரும் வள்ளி, வகுப்பில் வருகைப் பதிவின்போது குரல் எழும்பாததால் சில நாள் ‘வரவில்லை’ என்று குறிக்கப்படுகிறவள். தருமபுரிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டுகிறாள். கண்டக்டர் மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருகிறார். அதைக் கேட்டு வாங்க வாய் வராமல் இறங்கிவிடுகிறாள். பள்ளியில் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே புலியோடு பொருது செத்த வீரனுக்கு நட்ட புலிக்குத்திக் கல்லைப் பார்க்கிறாள். உங்கள் மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் போனது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்று இரவு செஸ் செயலியில் பெயர் கேட்கும் கட்டத்தில் அதையே தட்டச்சு செய்கிறாள்.

இதற்குப் பிறகு அவள் எழுதியிருப்பதைப் பாருங்கள். பெயர் வைத்த மறுநாளே வள்ளி புலியாகிவிடவில்லை. முதல் சில வாரங்கள் புலிக்குத்தி என்ற பெயரில் வள்ளிதான் ஆடுகிறாள். எதிராளி ‘டிரா’ கேட்டால், தான் ஜெயிக்கிற நிலையில் இருந்தாலும் ஒப்புக்கொள்கிறாள். ஒருநாள் மறுக்கும் பொத்தானை அழுத்துகிறாள். அந்த ஆட்டத்தில் தோற்றும் போகிறாள். யாரும் திட்டவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அடுத்த ஆட்டத்திலும் மறுக்கிறாள். கதையின் திருப்பம் எனக்கு இங்கேதான் இருக்கிறது. வெற்றியில் அல்ல, தோற்ற பிறகும் மறுபடி மறுத்ததில்.

இதற்கு மனநல மருத்துவத்தில் ஒரு விளக்கம் உண்டு. கூச்சம் மிகுந்தவர்கள் பயத்தைத் தவிர்க்கச் சின்னச் சின்னக் காரியங்கள் செய்வார்கள். கடைசி பெஞ்சில் உட்காருவார்கள், தலை நிமிர மாட்டார்கள், கேட்டதற்கெல்லாம் சரி என்பார்கள். இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் (பயப்படும் விஷயம் நடக்காமலிருக்கத் தன்னையறியாமல் கையாளும் தந்திரங்கள்) என்போம். அந்த நேரத்துக்கு இவை ஆறுதல் தரும். ஆனால், ‘நான் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்பதை அந்தப் பிள்ளை ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாமல் போய்விடும். அதனால் பயம் அப்படியே உறைந்திருக்கும். டிராவுக்கு உடனே ஒப்புக்கொள்வது அப்படியொரு தந்திரம். அதைக் கைவிட்ட அன்றுதான் வள்ளிக்கு முதல்முறையாக விடை கிடைத்தது.

சரி, அதைச் சொந்தப் பெயரில் செய்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சொந்தப் பெயரில் தோற்றால் தோற்பது வள்ளி. புலிக்குத்தி தோற்றால் வலி கொஞ்சம் தள்ளி விழுகிறது. ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பெயரும் முகமும் மறைந்திருக்கும்போது மனிதர்களுக்குத் தடை தளர்கிறது (வழக்கமான தயக்கம் விலகிவிடுகிறது) என்றார். அது இரண்டு விதமாகவும் போகலாம் என்பதையும் அவரே சொன்னார். சிலர் மனம் திறந்து பேசுவார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி வைவார்கள். 2017இல் அமெரிக்காவில் நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து, சிலரை மட்டும் பேட்மேன் போன்ற தங்களுக்குப் பிடித்த வீரனாக நினைத்துக்கொண்டு செய்யச் சொன்னார்கள். அப்படி நினைத்துக்கொண்ட குழந்தைகள்தான் அதிக நேரம் விடாமல் வேலையில் நின்றார்கள். இன்னொருவராக நினைத்துக்கொள்ளும்போது நம் பயத்திலிருந்து ஓரடி விலகி நிற்க முடிகிறது என்பதே அதன் சாரம்.

ஆனால் இதில் ஓர் எல்லை இருக்கிறது. தோல்வியைப் பெயர் தாங்கிக்கொள்வது போலவே வெற்றியையும் அந்தப் பெயரே எடுத்துக்கொண்டு போய்விடலாம். ‘ஜெயித்தது புலிக்குத்தி, நான் அல்ல’ என்று ஒரு பிள்ளை நினைக்கத் தொடங்கினால், அந்தப் பெயரே இன்னொரு பாதுகாப்பு நடத்தையாகிவிடும். திரையில் தைரியம் கூடும். வகுப்பில் தலை இன்னும் தாழும். நல்லது நடக்கிறதா கெட்டது நடக்கிறதா என்று நான் பார்ப்பது இந்த ஒன்றை வைத்துத்தான்: பெயரும் பிள்ளையும் நாளுக்கு நாள் நெருங்குகிறார்களா, விலகுகிறார்களா?

உங்கள் மகளின் கதை இதற்கும் பதில் வைத்திருக்கிறது. பள்ளியில் குறுவட்ட அளவிலான செஸ் போட்டிக்குப் பெயர் கேட்கிறார்கள். வள்ளி ஒரு துண்டுச் சீட்டில் தன் பெயரை எழுதி, பி.டி. மிஸ் மேசையில் வைத்துவிட்டு ஓடிவருகிறாள். அந்தச் சீட்டில் புலிக்குத்தி இல்லை. வள்ளி, 11 ‘ஆ’ என்றுதான் இருக்கிறது.

போட்டியின் முதல் ஆட்டத்தில் எதிரே இருப்பவள் குதிரையைத் தொட்டுவிட்டு, பிறகு யானையை நகர்த்துகிறாள். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. வள்ளிக்கு அது தெரியும். ஆனால் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வரவில்லை. தன் காயைத் தொட்டு அடுத்த நகர்வைச் செய்துவிடுகிறாள். சர்வதேச செஸ் விதிப்படி, நகர்த்தும் எண்ணத்தோடு தன் காயைத் தொட்ட கணமே முறையிடும் உரிமை போய்விடும். அந்த ஆட்டத்தில் தோற்கிறாள்.

நான் வியந்த இடம் இது. திரையில் ஆடும் செஸ்ஸில் இந்தச் சிக்கலே வராது. தவறான நகர்வைச் செயலியே அனுமதிக்காது. எதிராளியின் முகமும் தெரியாது. கையைத் தூக்குவதையும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பதைத் தாங்குவதையும் புலிக்குத்தி அவளுக்குக் கற்றுத்தரவே இல்லை. அதை உடம்போடு ஓர் அறையில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். பதினாறு வயதில் இதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். மூன்றாவது ஆட்டத்தில் வேறொருத்தி அதேபோலச் செய்யும்போது வள்ளி தன் காயைத் தொடாமல் கையை மேசைக்கடியில் இறுக்கி வைத்துக்கொள்கிறாள். பிறகு கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்குகிறாள். குரல் நடுங்குகிறது. நடுவர் வருகிறார். போட்டியில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் “அண்ணா, மீதி குடுங்க” என்கிறாள். கதை முடிகிறது.

இப்படியெல்லாம் நிஜத்தில் நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது அம்மா. செல்போன் வருவதற்கு முன்பே நடந்திருக்கிறது. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்தவர் ரொக்கையா. பதின்மூன்று வயதில் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. படிக்கக் கிடைத்ததையெல்லாம் படித்தார், கவிதை எழுதினார். திருமணத்துக்குப் பிறகு எழுதுவதற்கும் வீட்டில் எதிர்ப்பு. ஒளித்து ஒளித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கவிதைகள் வெளியே வந்தது ‘சல்மா’ என்ற பெயரில். பெண்ணின் உடலையும் படுக்கையறையையும் தனிமையையும் பற்றி, அந்த ஊரில் ரொக்கையாவாக ஒரு வார்த்தைகூடப் பேச முடியாததை, சல்மா எழுதினார். 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு வந்தது.

அப்போதும் அந்தத் தைரியம் பெரும்பாலும் தாளில்தான் இருந்தது. 2001இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் கணவரால் நிற்க முடியவில்லை. மனைவியை நிற்க வைத்தார்கள். அவர் வென்றார். வீட்டைவிட்டு வெளியே வராத பெண், மக்கள் முன்னால் நின்று பேச வேண்டிய நிலை வந்தது. பெயர் பழகியிருந்த தைரியத்தை ஆள் பழகத் தொடங்கியது அப்போதுதான். 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் வந்தது. 2006 சட்டமன்றத் தேர்தலில் மருங்காபுரியில் நின்று தோற்றார். பிறகு தமிழ்நாடு சமூக நல வாரியத்தின் தலைவராக இருந்தார். 2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். இன்று அவரை ஊரும் நாடும் அழைப்பது சல்மா என்றுதான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. பள்ளி நின்றதிலிருந்து பேரூராட்சி நாற்காலி வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. பெயர் ஒன்று கிடைத்ததால் அவர் மாறிவிடவில்லை. அந்தப் பெயரில் எழுதி எழுதி, பிறகு நேரில் நின்று நின்றுதான் மாறினார். இரண்டாவது, அவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்ததற்குக் காரணம் வீட்டில் பேச இடமில்லாதது. உங்கள் மகளுக்கு அவ்வளவு பெரிய பூட்டு இல்லை. ஆனால் சின்னதாக ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கதையில் உறவினர் வள்ளியிடம் “என்ன படிக்கிற?” என்று கேட்கும்போதெல்லாம் அவள் வாய் திறக்கும் முன் அம்மா பதில் சொல்லிவிடுகிறாள். “பொம்பளப் பிள்ளைக்கு இந்த அமைதிதான் அழகு” என்றும் சொல்கிறாள். பிள்ளை தவிப்பதைப் பார்க்க முடியாமல் செய்வதுதான் இது. எல்லாத் தாய்மாரும் செய்வதுதான். ஆனால் நீங்கள் பதில் சொல்லச் சொல்ல, ‘என்னால் முடியாது என்று அம்மாவுக்கே தெரியும்’ என்று அவள் மனதில் பதிகிறது. குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களால் நாளைக்கே மாற்றக்கூடியது இது ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

இனி செய்ய வேண்டியவை.

முதலில், கதையைப் படித்ததை அவளிடம் நீங்களே சொல்லுங்கள். “உன் நோட்டைக் கேக்காம பாத்துட்டேன், தப்புதான்” என்று சொல்லிவிட்டு, கதையைக் கதையாகவே கேளுங்கள். “வள்ளி முதல் ஆட்டத்துல ஏன் கையத் தூக்கல?” என்று கேட்டால் பதில் வரும். “இது நீதானே?” என்று கேட்டால் நோட்டு பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். புலிக்குத்தி என்ற பெயரை உறவினர் முன்னால் கேலியாகக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி (பயப்படும் காரியங்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்திச் செய்வது). அவளையே ஒரு தாளில் ஏழெட்டுக் காரியங்களை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று மதிப்பெண் போடட்டும். மளிகைக் கடையில் விலை கேட்பது 30 இருக்கலாம். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்பது 80 இருக்கலாம். முப்பதில் தொடங்குங்கள். ஒரே காரியத்தை வாரத்தில் மூன்று நான்கு முறை செய்யட்டும். மதிப்பெண் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு நிறுத்தினால் பயன் இல்லை. நீங்கள் கூடவே போகலாம். அவளுக்குப் பதிலாகப் பேச மட்டும் கூடாது. கேள்விக்குப் பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

மூன்றாவது, ஆன்லைன் பாதுகாப்பு. அந்தப் பெயரில் எனக்கு ஆட்சேபம் இல்லை, 2009 என்ற எண்ணில்தான் ஆட்சேபம். பிறந்த ஆண்டைப் போட்டால் எதிரே இருப்பவருக்கு அவள் வயது தெரிந்துவிடும். அந்த எண் இல்லாத பெயராக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஊர், பள்ளி, போட்டோ எதுவும் அந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. பெரும்பாலான செஸ் செயலிகளில் பிறர் அனுப்பும் செய்திகளை நிறுத்திவைக்க வசதி உண்டு. அவளோடு உட்கார்ந்து அமைப்புகளில் அதைத் தேடுங்கள். ஆட்டத்துக்கு வெளியே வேறு எண்ணில் பேசலாம் என்று யாராவது கூப்பிட்டாலோ, படம் கேட்டாலோ, “வீட்டில் சொல்லாதே” என்றாலோ, அது செஸ் ஆடும் ஆள் இல்லை. அப்படி நடந்தால் திட்டமாட்டேன் என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். பயமுறுத்தல் ஏதும் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றத்துக்கு 1930. செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? கூச்சம் ஒரு சுபாவம். சமூகப் பதற்றக் கோளாறு (பிறர் நம்மைக் கவனித்துக் குறை சொல்வார்கள் என்ற ஓயாத பயம்) அப்படி அல்ல. அது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும். பள்ளிக்குப் போவதையும், சாப்பிடுவதையும், தேர்வு எழுதுவதையும் தடுக்கும். பள்ளி நாட்களில் காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறர் முன் சாப்பிட மறுப்பது, வாய்மொழித் தேர்வைத் தவிர்ப்பது ஆகியவை இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இரவெல்லாம் போனோடு இருந்து தூக்கம் கெடுவது, எதிலும் விருப்பம் இல்லாமல் போவது, சாகலாம் என்று பேசுவது என்றால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நீங்கள் எழுதியதையும் அவள் எழுதியதையும் வைத்துப் பார்த்தால் இப்போது அந்த நிலை எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நேரில் பார்க்காமல் நான் உறுதி சொல்ல முடியாது. இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் போங்கள்.

பள்ளியில் செஸ் போட்டிக்குப் பெயர் கேட்டார்களா, அவள் கொடுத்தாளா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கதையில் நடந்தது நிஜத்தில் இன்னும் நடக்காமலும் இருக்கலாம். எழுதும் பிள்ளைகள் பல நேரம் தாங்கள் அடுத்து வைக்கப்போகும் அடியை முதலில் கதையில் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் நீங்கள் அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுக்க வேண்டாம். வீட்டில் ஒரு செஸ் பலகை வாங்கி வைத்து, அடுத்த முறை அப்பா வரும்போது அவருக்கு ஆடச் சொல்லித்தரச் சொல்லுங்கள். தொட்ட காய் விதியையும் சேர்த்துச் சொல்லித்தரட்டும். அவர் விதியை மீறினால் கையைத் தூக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கதையில் அம்மா பேசும் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி அவளிடம் கேட்காதீர்கள். அதை எழுதத் துணிந்தவள் உங்கள் மகள். அந்த நோட்டில் புலிக்குத்தி என்று கையெழுத்து இல்லை, அவளுடைய சொந்தப் பெயர்தான் இருக்கிறது.